மாதத் தவணையில் ஒளிந்திருக்கும் வட்டி: காப்பீட்டு பிரீமியத்தை எப்படிக் கட்டினால் எவ்வளவு கூடும்?

வடசென்னையில் தண்டல் வாங்காத தெரு குறைவு. 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் 9,000 வரும், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே பிடித்தார்கள், பத்து சதவீத வட்டிதானே என்று காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ யாரும் ஏமாற மாட்டார்கள். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. முழுத் தொகை நம் கையில் 100 நாளும் இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் அந்த வட்டி எழுபது சதவீதத்தைத் தாண்டும்.

காப்பீட்டு பிரீமியத்தை மாதாமாதம் கட்டுவதும் இதே கணக்குதான், அளவுதான் சிறியது. ஆண்டு பிரீமியம் என்பது ஆண்டின் முதல் நாளிலேயே மொத்தமாகக் கட்டவேண்டிய தொகை. அதை மாதத் தவணையாகக் கட்டும்போது மீதியை நிறுவனம் நமக்குக் கடனாக விட்டுவைக்கிறது. அதற்கு வட்டி வாங்குகிறது. ஆனால் ரசீதில் வட்டி என்ற சொல்லே இருக்காது, தவணைத் தொகைக்குள் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுப்பது எப்படி, நம் வருமானத்துக்கு எந்தத் தவணை பொருந்தும், மாற வேண்டுமென்றால் எப்படி மாறுவது என்பதை ஒரே ஒரு குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டை வைத்து முழுதாகப் பார்ப்போம்.

உதாரணக் குடும்பம்

காசிமேட்டில் விசைப்படகை நம்பிப் பிழைக்கும் கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. குடும்பத்துக்குச் சேர்த்து எடுத்த மருத்துவ பாலிசி ஒவ்வொரு மார்ச் 10ஆம் தேதியும் புதுப்பிக்கப்படுகிறது. ஆண்டாகக் கட்டினால் 24,000 ரூபாய். மாதமாகக் கட்டினால் 2,100. பாலிசி ஆரம்பிக்கும்போது ஏஜென்ட் 'மாசம் ரெண்டாயிரம் சொச்சம்தான்' என்றார், அவர்களும் சரி என்றார்கள். பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகிறது.

முதல் படி: ஒரே நாளில் நான்கு விலையையும் வாங்குங்கள்

ஆண்டு, அரையாண்டு, காலாண்டு, மாதம் என்று நான்கு முறைக்கும் தவணைத் தொகை என்ன என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டுத் தொகை, வயது, கூடுதல் வசதிகள் எல்லாம் நான்கிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டு பிரீமியத்தை ஒரு எண்ணால் பெருக்கித் தவணையைச் சொல்கின்றன. மாதத்துக்கு 0.0875, காலாண்டுக்கு 0.26, அரையாண்டுக்கு 0.51 என்பது வழக்கத்தில் இருக்கும் ஒரு விகிதம். நம் உதாரணமும் அதுவே: 24,000 × 0.0875 = 2,100. கூடுதல் எதுவும் இல்லையென்றால் மாதத்துக்கு 2,000 தான் வந்திருக்க வேண்டும்.

இங்கே பலர் தவறும் இடம் பழைய ரசீது. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளின் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முன் மருத்துவ பாலிசிக்கு 18 சதவீதம் இருந்தது. 24,000 ரூபாய் பிரீமியத்துக்கு வரியோடு 28,320 கட்டிய பழைய ஆண்டு ரசீதை வைத்துக்கொண்டு, இன்றைய மாதத் தவணையின் மொத்தம் 25,200 என்று ஒப்பிட்டால், மாதமாகக் கட்டுவதே மலிவு என்று தோன்றும். அது வரி போனதால் வந்த குறைவு, தவணையால் வந்ததல்ல. பழைய ரசீதில் வரிக்கு முன்னாலிருந்த தொகையை மட்டும் எடுங்கள். வயது கூடியதாலோ கட்டண உயர்வாலோ அதுவும் மாறியிருக்கலாம், ஆகவே அன்றைய விலையை அன்றே கேட்பதுதான் பாதுகாப்பு.

இரண்டாம் படி: சதவீதத்தை வட்டியாக மாற்றுங்கள்

மாதம் 2,100 வீதம் 12 தவணை 25,200. கூடுதல் 1,200 ரூபாய், அதாவது 5 சதவீதம். பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிட்டு 'அஞ்சு பர்சன்ட்தானே' என்கிறார்கள். தண்டல் கணக்கை மறக்காதீர்கள். முதல் தவணை முதல் நாளே போய்விடுகிறது. ஆகவே உண்மையில் நமக்குக் கிடைத்த கடன் 24,000 அல்ல, 21,900. அடுத்த மாதமே அதிலிருந்தும் 2,100 போகிறது. ஆண்டின் பாதியில் கடன் பாதியாகிவிடும். சராசரியாக நம் கையில் நிற்பது பதினோராயிரம் சொச்சம். அந்தப் பதினோராயிரத்துக்கு 1,200 ரூபாய் என்றால் ஆண்டு வட்டி 10.8 சதவீதம்.

துல்லியமாகப் பார்க்க கூகுள் ஷீட்ஸிலோ எக்செல்லிலோ ஒரு கட்டத்தில் இதை அடியுங்கள். 11 என்பது மீதித் தவணைகள்.

```
=RATE(11,-2100,24000-2100)*12
```

விடை 0.108 அளவில் வரும், அதாவது 10.8 சதவீதம். கணினி இல்லாமல் மனக்கணக்காகச் செய்ய ஒரு வழி உண்டு: மாதத் தவணையின் கூடுதல் சதவீதத்தை 2.2ஆல் பெருக்குங்கள். 5 சதவீதம் என்றால் 11. 8 சதவீதம் கூடுதல் வாங்கினால் 17.6 என்று வரும். உண்மை 17.2, நெருங்கிய விடைதான். 2 சதவீதம் என்றால் 4.4.

காலாண்டில் 6,240 வீதம் நான்கு முறை, மொத்தம் 24,960. கூடுதல் மாதத்தைவிடக் குறைவு, ஆனால் கடனும் சீக்கிரமே அடைவதால் வட்டி விகிதம் ஏறக்குறைய அதே 10.7. அரையாண்டில் 12,240 வீதம் இரண்டு முறை, மொத்தம் 24,480. முதல் தவணை போக மீதி 11,760-க்கு ஆறு மாதத்தில் 480 ரூபாய் கூடுதல், ஆண்டுக்கு 8.2 சதவீதம். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

எல்.ஐ.சி. பாலிசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல எண்டோமென்ட் திட்டங்களில் கணக்கு தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். அட்டவணை பிரீமியத்தில் ஆண்டாகக் கட்டினால் 2 சதவீதத் தள்ளுபடி, அரையாண்டுக்கு 1 சதவீதம், காலாண்டுக்கும் மாதத்துக்கும் தள்ளுபடி இல்லை. அட்டவணைப்படி 25,000 என்றால் ஆண்டுக்கு 24,500 கட்டினால் போதும், மாதமாகக் கட்டினால் முழு 25,000. இதற்கு வட்டி ஏறக்குறைய 4.5 சதவீதம்தான். வங்கி வைப்பில் ஆறு, ஆறரை சதவீதம் கிடைக்கும் காலத்தில் இது பெரிய இழப்பு இல்லை. இப்படிப்பட்ட பாலிசியை ஆண்டுக்கு மாற்ற அலைவதைவிட, தனியார் நிறுவனத்தில் 5 அல்லது 8 சதவீதம் கூடுதல் கொடுத்துக்கொண்டிருக்கும் பாலிசியை முதலில் கவனியுங்கள். சில நிறுவனங்கள் மாதத் தவணைக்கு எதுவுமே கூட்டுவதில்லை. அது வட்டியில்லாக் கடன், கணக்கில் பணம் தவறாமல் இருக்குமென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: தவணை தவறினால் ஆகும் செலவையும் சேருங்கள்

1,200 ரூபாய் தாளில் தெரியும் செலவு. காசிமேட்டுக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரியது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், கையில் வரும்படி இல்லை. ஆனால் மே 10, ஜூன் 10 இரண்டு தவணையும் அந்தக் காலத்துக்குள்ளேயே விழுகின்றன.

கணக்கில் பணமில்லாமல் பிடித்தம் திரும்பினால் நம் வங்கி கட்டணம் எடுக்கும். பல வங்கிகளில் இது 250 முதல் 500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பிரீமியத்துக்கு வரி போய்விட்டாலும் வங்கிக் கட்டணத்துக்கு வரி இருக்கிறது. 500 என்றால் 590. இரண்டு மாதமும் திரும்பினால் 1,180. வருடம் முழுவதுக்குமான தவணைக் கூடுதல் 1,200-ஐ அந்த இரண்டு நாளே இரட்டிப்பாக்கிவிடுகின்றன. நிறுவனம் மறுபடி பிடித்துப் பார்த்து மறுபடியும் திரும்பினால் கட்டணமும் மறுபடி. ஆகவே ஒருமுறை திரும்பியதும் அடுத்த முயற்சிக்குக் காத்திருக்காமல், நிறுவனத்தின் செயலியிலோ அலுவலகத்திலோ அந்தத் தவணையை நேரடியாகக் கட்டிவிடுங்கள். கட்டிய பிறகும் பழைய பிடித்தம் வராதபடி அவர்களிடம் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சலுகை நாட்களும் மாதத் தவணைக்குக் குறைவு. மாதமாகக் கட்டுபவருக்கு 15 நாள், மற்ற முறைகளுக்கு 30 நாள். ஆயுள், மருத்துவம் இரண்டிலும் இதுவே. மே 10 தவணை தவறினால் மே 25 வரைதான் நேரம். தவணை முறையில் கட்டும் மருத்துவ பாலிசிக்கு அந்தச் சலுகை நாட்களிலும் பாதுகாப்பு உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் வகுத்த விதி சொல்கிறது. ஆனால் 25ஆம் தேதிக்குப் பிறகும் பணம் போகவில்லையென்றால் பாலிசி ரத்து.

ரத்தானால் புதிதாக எடுத்துக்கொள்ளலாமே என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். நம் உதாரணக் கணவர் சர்க்கரை நோய்க்காக இரண்டு ஆண்டு காத்திருந்து முடித்திருக்கிறார், இன்னும் ஓர் ஆண்டுதான் பாக்கி. புது பாலிசியில் அந்தக் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். காலில் புண் ஆறாமல் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், 2,100 ரூபாய் தவறியதற்கு முழுச் செலவையும் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

ஆண்டாகக் கட்டுபவருக்கும் ஓர் எச்சரிக்கை. மார்ச் 10-இல் புதுப்பிக்கத் தவறி 30 நாளுக்குள் கட்டினால் காத்திருப்புக் கணக்கு தொடரும். ஆனால் பணம் கட்டாத அந்த இடைப்பட்ட நாட்களில் நேரும் சிகிச்சைக்குப் பாதுகாப்பு இல்லை. சலுகை நாட்களைக் கடைசித் தேதியாக நினைக்காதீர்கள்.

நான்காம் படி: க்ளெய்ம் நேரத்தில் என்ன பிடிப்பார்கள் என்று படியுங்கள்

மாதத் தவணையைப் பற்றிப் பேசும் ஏஜென்ட் பெரும்பாலும் சொல்லாத பிரிவு இது. மருத்துவ பாலிசிகளின் நிபந்தனைகளில் தவணை பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். க்ளெய்ம் வந்தால் அந்த ஆண்டுக்கு மீதமுள்ள எல்லாத் தவணைகளும் உடனே கட்டவேண்டியவை ஆகும், அவற்றை க்ளெய்ம் தொகையிலிருந்து பிடித்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று இருக்கும். ஆரோக்ய சஞ்சீவனி போன்ற பொது வரையறை பாலிசியிலேயே இது இருக்கிறது.

மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று தவணை கட்டியாகிவிட்டது. மே 20-இல் பிள்ளைக்குக் குடல்வால் அறுவை. ஏற்கப்பட்ட க்ளெய்ம் தொகை 80,000 ரூபாய். மீதி ஒன்பது தவணை, 9 × 2,100 = 18,900. அது போக நிறுவனம் தருவது 61,100. பணமில்லாச் சிகிச்சை என்று நினைத்துச் சேர்ந்தவர்களிடம் டிஸ்சார்ஜ் நேரத்தில் மருத்துவமனை அந்த 18,900-ஐக் கேட்கும், அதுவும் தடைக்காலத்தின் நடுவில். அவசரத்துக்கு அது தண்டலில்தான் புரளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் ஆண்டு பிரித்துக் கட்டுவதற்கான கூலியாகத்தான் 1,200 ரூபாய் கூட்டப்பட்டது. இப்போதோ மூன்றே மாதத்தில் மொத்தம் 25,200-ம் போய்விட்டது. கடன் வசதி போய், கடனுக்கான வட்டி மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே மாதத் தவணையில் இருப்பவர்கள், மீதித் தவணைகளின் கூட்டுத் தொகை எப்போது வேண்டுமானாலும் கேட்கப்படலாம் என்று கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஆயுள் காப்பீட்டிலும் சலுகை நாட்களில் மரணம் நேர்ந்தால், தவறிய தவணையோடு அந்த பாலிசி ஆண்டின் மீதித் தவணைகளையும் கழித்துக்கொள்ளும் நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது.

ஐந்தாம் படி: வருமானம் வரும் மாதங்களோடு தவணைத் தேதியைப் பொருத்துங்கள்

மார்ச் 10-இல் புதுப்பிக்கப்படும் பாலிசியின் காலாண்டுத் தவணைகள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் 10ஆம் தேதிகளில் விழும். ஜூன் 10 தடைக்காலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது, வட்டியும் மாதத் தவணைக்குச் சமம். அரையாண்டு என்றால் மார்ச் 10, செப்டம்பர் 10. இரண்டுமே படகு கடலுக்குப் போகும் நாட்கள். கூடுதலும் 480 ரூபாய்தான், சலுகை நாளும் 30. இந்தக் குடும்பத்துக்கு எங்கள் பரிந்துரை அரையாண்டு. எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் சம்பளம் வாங்குபவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். தீபாவளி போனஸை ஒட்டிப் புதுப்பிக்கும் தேதி இருந்தால் அவர் நேராக ஆண்டுக்கே போகலாம்.

மாறுவதில் உள்ள சிக்கல், இந்த ஆண்டின் மாதத் தவணையைக் கட்டிக்கொண்டே அடுத்த ஆண்டுக்குச் சேர்க்க வேண்டும் என்பது. ஒரே தாவலில் 24,000 சேர்க்க முயன்றால் நடுவில் உடைந்துவிடும். முதல் இலக்கை 12,240 என்று வையுங்கள். தடை முடியும் ஜூன் 15 முதல் அடுத்த மார்ச் 10 வரை 38 வாரம். வாரம் 325 ரூபாய் எடுத்துவைத்தால் 12,350 சேரும். மார்ச்சில் அதைக் கொடுத்து அரையாண்டுக்கு மாறிவிடலாம். அதன்பின் மாதப் பிடித்தம் இல்லை. செப்டம்பர் 10-க்கு முன் தடை இல்லாத வாரங்கள் 17, வாரம் 720 வீதம் சரியாக 12,240. இது முதலில் சேர்த்ததைவிடக் கனமான தொகைதான். ஆனால் முன்பு மாதத் தவணைக்குப் போன பணமும் இப்போது கையில் நிற்கிறது. சேர்க்கும் பணத்தைப் பிடித்தம் நடக்கும் கணக்கில் போடாமல் வேறொரு கணக்கில் வையுங்கள்.

அரையாண்டிலிருந்து ஆண்டுக்கு ஏற ஒருமுறை 11,760 ரூபாய் கூடுதலாக வேண்டும். சீட்டு எடுத்த பணம் இருந்தால் செய்யலாம். ஆனால் அதில் மிச்சமாவது 480. அதே 11,760 ஆறு மாதம் 6.5 சதவீத வைப்பில் இருந்தால் 380 ரூபாய் அளவுக்கு வட்டி தரும். நிகர லாபம் நூறு ரூபாய்தான். ஆகவே அவசரக் கையிருப்பு வேறு இல்லாத குடும்பம் அரையாண்டிலேயே நின்றுவிடுவது நல்லது. மாதத்திலிருந்து அரையாண்டுக்கு வந்ததிலேயே 720 ரூபாயும், தவணை திரும்பும் ஆபத்தில் பெரும்பகுதியும் குறைந்துவிட்டன.

ஆண்டு பிரீமியத்தை ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்பதற்காகத் தண்டல் வாங்குவதோ, அடகுக் கடையில் நகை வைப்பதோ வேண்டாம். 10.8 சதவீதத்தைத் தவிர்க்க அதைவிட அதிக வட்டிக்குப் போவதாகிவிடும். கிரெடிட் கார்டில் ஆண்டு பிரீமியம் கட்டி ஈ.எம்.ஐ.யாக மாற்றுவதானால், கார்டின் வட்டி, அதன்மேல் வரும் ஜிஎஸ்டி, பரிசீலனைக் கட்டணம் மூன்றையும் கூட்டி மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: மாற்றத்தை முறையாகச் செய்யுங்கள்

தவணை முறையை மருத்துவ பாலிசியில் புதுப்பிக்கும்போதும், ஆயுள் பாலிசியில் பாலிசி ஆண்டு தொடங்கும் தேதியிலும் மாற்றுவதே வழக்கம். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான எண்ணை வாங்கிவையுங்கள். ஆயுள் பாலிசியில் இதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பழைய தானியங்கிப் பிடித்தத்துக்கான அனுமதியை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். பிப்ரவரி 10-இல் போகவேண்டிய கடைசி மாதத் தவணை கணக்கிலிருந்து போய், ரசீதும் வந்த பிறகே நிறுத்த வேண்டும். முன்பே நிறுத்தினால் அந்தக் கடைசித் தவணை தவறி, புதுப்பிக்கும் நேரத்தில் பாலிசியே இல்லாமல் போகலாம். அதே சமயம் நிறுத்தாமல் விட்டால், புதுத் தவணையோடு பழைய 2,100-ம் பிடிக்கப்படலாம். வங்கிக் கணக்கு வழியான அனுமதியை நிறுத்த நிறுவனத்துக்கும் வங்கிக்கும் இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும். யு.பி.ஐ. ஆட்டோபே என்றால் செயலியிலேயே அந்த அனுமதியைப் பார்த்து ரத்து செய்யலாம். அதில் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன் தகவல் வரும், அதைப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள்.

மார்ச் 10 அன்று 12,240 கட்டியபின் வரும் புது பாலிசித் தாளில் மூன்றைச் சரிபாருங்கள்: தவணை முறை அரையாண்டு என்று இருக்கிறதா, அடுத்த தேதி செப்டம்பர் 10 தானா, பாலிசி முதலில் தொடங்கிய தேதி பழையதாகவே நிற்கிறதா. மூன்றாவதுதான் கணவர் இதுவரை காத்திருந்த காலத்துக்குச் சான்று. அது புதுத் தேதியாக மாறியிருந்தால், அதே வாரம் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். சரியான பதில் வரவில்லையென்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் புகார் பதியலாம், அதற்கும் அடுத்து சென்னையிலேயே காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. ஏப்ரல் 10 அன்று வங்கிக் கணக்கைத் திறந்து, 2,100 போகவில்லை என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.